ஜிம்மை விட்டு வந்த பிறகும் கலோரி எரிகிறதா? 'ஆஃப்டர்பர்ன்' கணக்கு சொல்லும் உண்மை!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜிம்மில் அரை மணி நேரம் மூச்சு வாங்க வாங்க ஓடி, குதித்து, வியர்வையில் நனைந்த டி-ஷர்ட்டோடு வீட்டுக்கு வருகிறார் ஒரு குடும்பத் தலைவர். டைனிங் டேபிளில் பூரி மசாலா.

"என்னங்க, டயட்னு சொன்னீங்க. நாலாவது பூரி போகுது?" என்கிறார் மனைவி.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. இன்னைக்குப் போட்ட ஒர்க்-அவுட்டுக்கு நாளைக்குக் காலை வரைக்கும் உடம்பு தானா எரிச்சுக்கிட்டே இருக்கும்னு டிரெய்னர் சொல்லியிருக்கார். இதுக்குப் பேரே ஆஃப்டர்பர்ன்!"

இப்படி ஒரு காட்சி இன்று பல வீடுகளில் சகஜம். 'இருபது நிமிடம் கடுமையாகச் செய்தால் போதும், 24 மணி நேரமும் கொழுப்பு கரையும்' என்று ரீல்ஸ்களும் விளம்பரங்களும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த டிரெய்னர் சொன்னது பொய்யா? இல்லை. ஆஃப்டர்பர்ன் என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால், அது எத்தனை கலோரி என்பதுதான் கேள்வி. அதில்தான் அந்தக் கூடுதல் பூரிகளின் தலையெழுத்தும் இருக்கிறது.

கடன் வாங்கும் உடம்பு

பஸ்ஸைப் பிடிக்க நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் மூச்சு இரைக்கும். ஓட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் உடம்பு ஏன் இவ்வளவு காற்றை இழுக்கிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் ஏ.வி.ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் விஞ்ஞானி. தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரும் ஹார்ட்லி லப்டன் என்ற சக ஆய்வாளரும் 1923-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'ஆக்சிஜன் கடன்'.

அவர்கள் சொன்னது இதுதான். கடுமையாக ஓடும்போது தசைக்குத் தேவையான ஆக்சிஜன் அந்த நேரத்தில் முழுதாகக் கிடைப்பதில்லை. அதனால், தசை வேறு வழியில் சக்தியைக் 'கடன்' வாங்கிச் சமாளிக்கிறது. ஓட்டம் முடிந்ததும், கூடுதலாக மூச்சு இழுத்து அந்தக் கடனை அடைக்கிறது.

கேட்க அழகான விளக்கம். ஆனால், போகப் போகக் கணக்கு உதைத்தது. வாங்கிய கடனைவிடத் திருப்பிக் கட்டுவது அதிகமாக இருந்தது! கடனுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட லாக்டிக் அமிலம் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிய பிறகும், ஆக்சிஜன் செலவு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் 1984-ல் கிளென் கேசர், ஜார்ஜ் புரூக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 'கடன்' என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்றார்கள். 'உடற்பயிற்சிக்குப் பிந்தைய கூடுதல் ஆக்சிஜன் நுகர்வு' என்று நேரடியாகவே சொல்லலாம் என்பது அவர்களின் யோசனை. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் 'ஈபாக்'. சில ஸ்மார்ட் வாட்ச்களில் EPOC என்று நீங்கள் பார்ப்பது இதைத்தான். ஜிம் பாஷையில், ஆஃப்டர்பர்ன்.

ஓட்டம் நின்ற பிறகு என்ன வேலை?

விருந்து முடிந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் பாத்திரம் கழுவ வேண்டும், பாயைச் சுருட்ட வேண்டும், நாற்காலிகளை அடுக்க வேண்டும். உடம்பும் அப்படித்தான்.

முதல் சில நிமிடங்களில் அவசர வேலைகள் நடக்கின்றன. தசையில் உடனடிச் செலவுக்கென்று வைத்திருந்த சக்தி தீர்ந்துபோயிருக்கும். அதை மறுபடி நிரப்ப வேண்டும். ரத்தத்திலும் தசையிலும் குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்ட வேண்டும். மூச்சு இரைப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

அடுத்து, நிதானமாக நடக்கும் வேலைகள். உடம்பின் சூடு ஏறியிருக்கும். சூடு அதிகமாக இருக்கும்வரை உடலுக்குள் எல்லா வேலையும் சற்று வேகமாகவே நடக்கும். இதயத் துடிப்பும் மூச்சும் உடனே பழைய நிலைக்கு வராது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அடங்க நேரமாகும். எரிபொருளாகச் சர்க்கரையைக் குறைத்துக் கொழுப்பை அதிகம் பயன்படுத்தும்படி உடம்பு மாறிக்கொள்ளும். இவை எல்லாம் சேர்ந்துதான் சில மணி நேரத்துக்குக் கூடுதல் கலோரியைச் செலவழிக்கின்றன.

ஆக, வேலை நடப்பது உண்மை. அதற்கான கூலி எவ்வளவு?

எப்படி அளக்கிறார்கள்?

நாம் செலவழிக்கும் கலோரியை அளக்க ஒரு நேர்வழி, மூச்சை அளப்பது. முகமூடி மாட்டியோ, காற்று புகாத தனி அறையில் இருக்க வைத்தோ, ஒருவர் எத்தனை லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறார் என்று பார்ப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால், ஏறக்குறைய 5 கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நாம் சும்மா படுத்துக்கிடந்தாலும் கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு ஏறக்குறைய 70 கலோரி. இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, உடல் சூட்டைக் காக்க ஆகும் செலவு இது. எனவே, நல்ல ஆய்வுகளில் அதே நபரை உடற்பயிற்சி இல்லாத இன்னொரு நாளிலும் அளப்பார்கள். பயிற்சி நாளின் கணக்கில் ஓய்வு நாளின் கணக்கைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிஜமான ஆஃப்டர்பர்ன்.

'24 மணி நேரமும் எரியும்' என்று சொல்லும்போது வழுக்குவது இந்தக் கழித்தலில்தான். 24 மணி நேரமும் எரியத்தான் செய்யும். ஜிம்முக்குப் போகாதவருக்கும் எரியும்!

எட்டு ஓட்டக்காரர்கள், இரண்டு விதமான ஓட்டம்

ஆஸ்திரேலியாவில் லாஃபோர்ஜியா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. நடுத்தர தூரம் ஓடும் எட்டு ஆண் வீரர்களை வைத்து அதைச் செய்தார்கள்.

ஒரு நாள், ஒவ்வொருவரும் 30 நிமிடம் ஒரே சீராக ஓடினார்கள். அவர்களின் உடம்பால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதில் 70 சதவிகிதம் தேவைப்படும் வேகம். வேகமான ஓட்டம்தான், ஆனால் தாங்கக்கூடியது.

இன்னொரு நாள், ஒரு நிமிட ஓட்டம், இடையில் ஓய்வு, மறுபடி ஒரு நிமிடம் என்று 20 முறை ஓடினார்கள். இதன் வேகம், அந்த அதிகபட்சத்தையும் தாண்டி 105 சதவிகிதம். இன்று 'ஹிட்' என்று ஜிம்களில் சொல்லப்படும் விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சியின் கடுமையான வடிவம் இது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 30-ஐ 70-ஆல் பெருக்கினால் 2,100. 20-ஐ 105-ஆல் பெருக்கினாலும் 2,100. அதாவது, இரண்டு நாளும் மொத்த வேலை ஒன்றுதான். கடுமை மட்டும்தான் வேறு. எனவே, ஆஃப்டர்பர்ன் கூடினால் அதற்குக் காரணம் கடுமைதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஓட்டம் முடிந்து ஒன்பது மணி நேரத்துக்கு அளந்தார்கள். சீரான ஓட்டத்துக்குப் பிறகு கூடுதலாகச் செலவான ஆக்சிஜன் சராசரியாக 6.9 லிட்டர். விட்டுவிட்டு ஓடிய கடும் ஓட்டத்துக்குப் பிறகு 15 லிட்டர்.

'பார்த்தீர்களா, இரண்டு மடங்குக்கும் மேல்!' என்று இதை வைத்து ஒரு விளம்பரம் போட்டுவிடலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால், மடங்கை மறந்துவிட்டுக் கலோரியாக மாற்றிப் பாருங்கள். 6.9 லிட்டர் என்றால் ஏறக்குறைய 35 கலோரி. 15 லிட்டர் என்றால் 75 கலோரி. வித்தியாசம் 40 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். சர்க்கரை என்றால் இரண்டு டீஸ்பூன்.

இரண்டு நாளும் ஓட்டத்துக்கே செலவானது ஏறக்குறைய 450 கலோரி. அதாவது, பயிற்சிக்கென்று செலவான மொத்தக் கணக்கில் ஆஃப்டர்பர்னின் பங்கு, சீரான ஓட்டத்தில் 7 சதவிகிதம். கடும் ஓட்டத்தில் 14 சதவிகிதம். மிச்சமெல்லாம் ஓடும்போதே எரிந்தது.

இதே ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் சொன்ன அளவும் இதை ஒட்டியதுதான்: மொத்தத்தில் 6 முதல் 15 சதவிகிதம்.

பெரிய எண்களும் உண்டு... ஆனால்!

'நான் படித்ததில் 190 கலோரி என்று இருந்ததே' என்று சிலர் கேட்கலாம். அதுவும் உண்மையான ஆய்வுதான். அமெரிக்காவில் 2011-ல் வெளியானது. பத்து இளைஞர்கள், காற்றுப் புழக்கத்தைத் துல்லியமாக அளக்கும் தனி அறைக்குள் முழு நாளும் தங்கினார்கள். ஒரு நாள் ஓய்வு. இன்னொரு நாள் 45 நிமிடம் கடுமையாக சைக்கிள் மிதித்தார்கள். மிதிக்கும்போது 519 கலோரி எரிந்தது. அதன் பிறகு 14 மணி நேரத்தில் கூடுதலாக 190 கலோரி எரிந்தது. ஆஃப்டர்பர்ன் ஆய்வுகளில் தாராளமான எண்களில் இது ஒன்று.

ஆனால், அந்த 190-ஐ அப்படியே நம் கணக்கில் வரவு வைக்க முடியாது. அவர்கள் உடற்தகுதி உள்ள இளைஞர்கள். இடைவிடாமல் முக்கால் மணி நேரம், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் மிதித்தவர்கள். நம்மில் எத்தனை பேரால் முடியும்?

வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை நார்வேயைச் சேர்ந்த ரோல்ட் பார், சேயெர்ஸ்டெட் ஆகியோரின் 1991-ம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. ஒரே ஆட்களை மூன்று வெவ்வேறு நாள்களில் 80 நிமிடம் பயிற்சி செய்ய வைத்தார்கள். நேரம் ஒன்றுதான், கடுமை மட்டும் வேறு.

அதிகபட்சத்தில் 29 சதவிகிதம் என்ற மிதமான வேகத்துக்குப் பிறகு, ஆஃப்டர்பர்ன் 1.3 லிட்டர். அதாவது, வெறும் 6 அல்லது 7 கலோரி. அதுவும் இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டது. 50 சதவிகித வேகத்தில் 5.7 லிட்டர்; ஏறக்குறைய 28 கலோரி. 75 சதவிகித வேகத்தில் மட்டும் திடீரென்று 30 லிட்டராக ஏறியது. அதாவது 150 கலோரி. பத்து மணி நேரத்துக்கு மேல் நீடித்தது.

ஒரு வாசற்படி போல இதை நினைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட கடுமையைத் தாண்டினால்தான் ஆஃப்டர்பர்ன் என்று சொல்லும்படியாக ஏதாவது கிடைக்கும். தாண்டிய பிறகு, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோமோ அவ்வளவு கூடும். ஆனால், 75 சதவிகித வேகத்தில் 80 நிமிடம் தாக்குப்பிடிப்பவர், பயிற்சியின்போதே ஆயிரம் கலோரி அளவுக்கு எரித்துவிடுவார். அவருக்கு அந்த 150 என்பது சம்பளத்தோடு வரும் சின்ன போனஸ்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது அந்த டைனிங் டேபிளுக்குத் திரும்பலாம். நம் குடும்பத் தலைவரின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஜிம்மில் அரை மணி நேரத்தில், ஓய்வுச் செலவைக் கழித்தபின், 200 கலோரி எரித்திருக்கிறார். ஆய்வுகள் சொல்லும் 6 முதல் 15 சதவிகிதப் பங்கை வைத்தால், அவருக்குக் கிடைக்கும் ஆஃப்டர்பர்ன் 13 முதல் 35 கலோரி. நிஜமாகவே உயிரைக் கொடுத்துச் செய்திருந்தால்தான் அந்த 35.

எண்ணெயில் பொரித்த ஒரு நடுத்தரப் பூரியில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கும். ஆக, அன்றைய ஆஃப்டர்பர்ன் மொத்தமும் ஒரு பூரியில் மூன்றில் ஒரு பங்கு! கூடுதலாக இரண்டு பூரி சாப்பிட்டால், பயிற்சியில் எரித்ததே ஏறக்குறைய சரிக்குச் சரியாகப் போய்விடும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முழுதாக 35 கலோரி கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 5,460 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, ஆஃப்டர்பர்னை மட்டும் நம்பினால், ஒரு வருடம் விடாமல் போனாலும் 700 கிராம் குறையலாம். அதுவும் சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் கூடாமல் இருந்தால்!

மாலையில் நடைப்பயிற்சி போகும் அம்மா, அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வேகமாக அரை மணி நேரம் நடந்தால், 70 கிலோ உள்ளவருக்கு ஓய்வுச் செலவு போக ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். ஆஃப்டர்பர்ன் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நடந்தால், ஜிம்மில் மூச்சுத் திணறி வாங்கிய அதே 30, 35 கலோரி வந்துவிடும்.

வாட்ச் காட்டுவதை நம்பலாமா?

கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஆக்சிஜன் செலவை அளப்பதில்லை. தோலில் ஒளியைப் பாய்ச்சி நாடித் துடிப்பை எண்ணுகிறது. அதோடு வயது, எடையைச் சேர்த்துக் கலோரியை ஊகிக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஊகம் ஓரளவு சரியாக இருக்கலாம். ஓட்டம் நின்ற பிறகுதான் சிக்கல். உடம்புச் சூடு, வியர்வையில் போன நீர், குடித்த காபி, ஆபீஸ் டென்ஷன் என எல்லாமே துடிப்பைக் கூட்டும். துடிப்பு கூடிய அளவுக்கு அங்கே கலோரி எரிவதில்லை. பரபரப்பான கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவரிலும் இதயம் படபடக்கும். அதற்காக யாரும் இளைத்துவிடுவதில்லை!

எனவே, ஆஃப்டர்பர்ன் என்று ஒரு எண்ணை யாராவது சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தாகிவிட்டதா? இரண்டு, 'இத்தனை மடங்கு', 'இத்தனை சதவிகிதம்' என்றால், அது எத்தனை கலோரி? இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு, பெரும்பாலான பெரிய எண்கள் சுருங்கிவிடும்.

அப்படியானால் கடும் பயிற்சி வீணா?

நிச்சயமாக இல்லை. விட்டுவிட்டுச் செய்யும் கடும் பயிற்சி, குறைந்த நேரத்தில் இதயம், நுரையீரலின் திறனைக் கூட்டும். நேரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால், அதைத் தேர்ந்தெடுக்க அந்தக் காரணமே போதும். ஆஃப்டர்பர்ன் காரணமாக இருக்கத் தேவையில்லை. பல வருடங்களாகப் பயிற்சியே செய்யாதவர்கள், ரத்த அழுத்தமோ இதயப் பிரச்னையோ உள்ளவர்கள், 30 கலோரி போனஸுக்காக முதல் நாளே உச்ச வேகத்துக்குப் போவது ஆபத்து. டாக்டரிடம் கேட்டுவிட்டுப் படிப்படியாக ஏறுவதுதான் சரி.

இன்னொன்றும் உண்டு. 'ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துச் செய்கிறேன். 24 மணி நேரமும் எரியும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் எடை குறையவில்லை?' என்று மனம் நொந்து பயிற்சியையே விட்டுவிடுபவர்கள் பலர். கோளாறு அவர்களின் உடம்பில் இல்லை. அவர்களிடம் சொல்லப்பட்ட கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அந்த வீட்டில் மறுபடி பூரி போடுவார்கள். தாராளமாகச் சாப்பிடலாம், ஆசைப்பட்டால் மூன்றாவதும். ஆனால், அதற்கான கலோரியை ஆஃப்டர்பர்ன் கட்டிவிடும் என்று மட்டும் கணக்கில் எழுத வேண்டாம். அது கட்டுவது ஒரு ஸ்பூன் எண்ணெய்க்குத்தான்!